புல்வெட்டும் இயந்திரத்துக்கு லேப்டாப் செல் ஏன் ஆகாது? டேட்டாஷீட்டில் உள்ள ஆம்பியர் வரம்பும் அதை மீறினால் நடப்பதும்

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அதனால் குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஒரு தடவை காடு வெட்டிவிட்டு வருடம் முழுக்க நிம்மதியாக இருக்க முடியாது. பெட்ரோல் இயந்திரத்தின் புகையும் சத்தமும் வேண்டாம் என்று சிறு தோட்டக்காரர்கள் சிலர் பேட்டரியில் ஓடும் புல்வெட்டும் இயந்திரத்துக்கு மாறியிருக்கிறார்கள். இரண்டு மூன்று வருடத்தில் அதன் பேட்டரி பேக் சோர்ந்துபோகும். புதிய பேக் விலை கூடுதல் என்பதால், பழைய பேக்கைத் திறந்து உள்ளே உள்ள செல்களை மட்டும் மாற்றிக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. பழைய செல்லும் 18650 என்ற அளவு, புதிதாகப் போட்டதும் அதே 18650. இரண்டும் 3.6 அல்லது 3.7 வோல்ட். பழையது 2500 எம்.ஏ.எச்., புதியது 2600 எம்.ஏ.எச். கணக்குப்படி இயந்திரம் கொஞ்சம் கூடுதல் நேரம் ஓட வேண்டும். ஆனால் அடர்ந்த புல்லில் இரண்டு மூன்று நிமிடத்தில் நின்றுவிடுகிறது, பேக் கை வைக்க முடியாமல் சுடுகிறது. அதே செல்லை, விடியுமுன் பால் வெட்டப் போகிறவர் தலையில் கட்டும் லைட்டில் போட்டால் மாதக்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் எரிகிறது.

அப்படியானால் செல் கெட்டதா, நல்லதா? செல் நல்லதுதான். செல்லைப் பற்றித் தயாரிப்பாளர் வெளியிடும் விவரத்தாளான டேட்டாஷீட்டில் உள்ள ஒரு வரியை யாரும் பார்க்கவில்லை. 'அதிகபட்சத் தொடர் டிஸ்சார்ஜ் மின்னோட்டம்' என்ற வரி அது.

## இரண்டு எண்கள், இரண்டு வேலைகள்

எம்.ஏ.எச்., அதாவது மில்லி ஆம்பியர் மணி, என்பது செல்லுக்குள் எவ்வளவு மின்னூட்டம் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. 2600 எம்.ஏ.எச். என்றால் 2.6 ஆம்பியர் வீதம் ஒரு மணி நேரம், அல்லது 1.3 ஆம்பியர் வீதம் இரண்டு மணி நேரம். அந்த மின்னூட்டத்தை எவ்வளவு வேகமாக வெளியே எடுக்கலாம் என்பதை இந்த எண் சொல்வதே இல்லை. குளம் எவ்வளவு பெரிது என்பது ஒரு கேள்வி. அதன் மடை எவ்வளவு அகலம் என்பது வேறு கேள்வி. நம்மூர்க் குளங்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மடையின் அகலத்தைச் சொல்லும் எண்தான் தொடர் டிஸ்சார்ஜ் வரம்பு. அது ஆம்பியரில் இருக்கும், அல்லது C என்ற அளவில் இருக்கும். 1C என்றால் செல்லை ஒரு மணி நேரத்தில் காலி செய்யும் மின்னோட்டம். 2600 எம்.ஏ.எச். செல்லுக்கு 1C என்பது 2.6 ஆம்பியர், 2C என்பது 5.2 ஆம்பியர்.

சந்தையில் பரவலாக உள்ள மூன்று செல்களை அருகருகே வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். மூன்றும் ஒரே நிறுவனத்தின் 18650 செல்கள்.

1. சாம்சங் 26எஃப்: சுமார் 2600 எம்.ஏ.எச். லேப்டாப் பேக்குகளில் நிறைய வந்தது. தொடர் வரம்பு 5.2 ஆம்பியர்.
2. சாம்சங் 35ஈ: சுமார் 3400 எம்.ஏ.எச். தொடர் வரம்பு 8 ஆம்பியர்.
3. சாம்சங் 25ஆர்: 2500 எம்.ஏ.எச். தொடர் வரம்பு 20 ஆம்பியர்.

மூன்றில் கொள்ளளவு குறைந்த செல்தான் மிக அதிக மின்னோட்டம் தருகிறது. டிரில், கிரைண்டர், புல்வெட்டும் இயந்திரம் போன்ற கருவிகளின் பேக்கில் மூன்றாவது வகை இருப்பதற்குக் காரணம் இதுதான். அதை எடுத்துவிட்டு முதல் வகையைப் போட்டால், 100 எம்.ஏ.எச். கூடியது, 15 ஆம்பியர் போய்விட்டது.

## ஒரே அளவுச் செல்லில் இவ்வளவு வித்தியாசம் எப்படி?

18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அந்த உருளைக்குள் நீளமான பட்டைகள் இறுக்கிச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பட்டை அலுமினியத் தகடு. அதன் மேல் லித்தியம் சேர்ந்த உலோக ஆக்சைடு பூசியிருக்கும். இன்னொன்று தாமிரத் தகடு. அதன் மேல் கிராஃபைட் பூச்சு. இரண்டும் தொட்டுவிடாமல் நடுவில் நுண்துளைகள் கொண்ட மெல்லிய பிளாஸ்டிக் செப்பரேட்டர். எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு எலக்ட்ரோலைட் என்ற திரவம்.

செல் மின்சாரம் கொடுக்கும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் பூச்சிலிருந்து வெளியேறி, எலக்ட்ரோலைட் வழியாக நீந்தி, எதிர்ப்பக்கத்து ஆக்சைடு பூச்சுக்குள் நுழைகின்றன. பூச்சைத் தடிமனாகப் போட்டால் அதே உருளைக்குள் அதிக லித்தியத்தை அடைக்கலாம், எம்.ஏ.எச். கூடும். ஆனால் பூச்சின் அடியாழத்தில் இருக்கும் அயனி வெளியே வர நீண்ட, நெருக்கமான பாதையைக் கடக்க வேண்டும். அதற்குமேல் அவசரப்படுத்தினால் ஆழத்தில் உள்ள பகுதி ஈடுகொடுக்காது. மேற்பரப்பு மட்டும் உழைக்கும்.

அதிக மின்னோட்டம் தரும் செல்லில் பூச்சு மெல்லியது, பட்டை நீளமானது. பட்டையிலிருந்து மின்சாரத்தை வெளியே எடுக்கும் உலோகக் காதுகளும் அகலமாகவோ, எண்ணிக்கையில் கூடுதலாகவோ இருக்கும். தகடுகளே அதிக இடத்தை எடுத்துக்கொள்வதால் எம்.ஏ.எச். குறைகிறது. ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதை வாங்க முடியும்.

இந்தத் தடைகள் எல்லாம் சேர்ந்த மொத்தத்தை உள்மின்தடை என்கிறோம். அது மில்லி ஓமில் இருக்கும் சின்ன எண். 25ஆர் போன்ற செல்லில் சுமை கொடுத்து அளந்தால் சுமார் 20 மில்லி ஓம் வரும். புதிய லேப்டாப் வகைச் செல்லில் 60, 70 வரலாம். சில வருடம் லேப்டாப்பில் இருந்து எடுத்த பழைய செல்லில் 100-ஐத் தாண்டுவதும் சாதாரணம்.

## வரம்பு என்ற எண் எப்படிப் பிறக்கிறது

உள்மின்தடை வழியாக மின்னோட்டம் போகும்போது இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. இரண்டையும் இரண்டு சூத்திரங்களில் சொல்லிவிடலாம்.

V = E − I × R

P = I² × R

E என்பது சுமை இல்லாதபோது செல்லின் வோல்டேஜ், V வெளி வோல்டேஜ், I மின்னோட்டம், R உள்மின்தடை, P வெப்பம். முதலாவது, செல்லின் வெளி வோல்டேஜ் இறங்குகிறது. இரண்டாவது, செல்லுக்குள்ளேயே வெப்பம் உண்டாகிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் வோல்டேஜ் இறக்கம் இரு மடங்கு, வெப்பமோ நான்கு மடங்கு. பத்து மடங்கு மின்னோட்டத்துக்கு நூறு மடங்கு வெப்பம். இந்த வர்க்கக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

தயாரிப்பாளர் செல்லைச் சுமார் 25 டிகிரி செல்சியஸ் அறையில் வைத்து, முழு சார்ஜிலிருந்து காலியாகும்வரை ஒரே மின்னோட்டத்தில் இறக்குகிறார். மேல்தோலின் வெப்பநிலையை அளக்கிறார். பிறகு திரும்பத் திரும்ப சார்ஜ் செய்து இறக்கி, எத்தனை சுழற்சிக்குப் பின் கொள்ளளவு எவ்வளவு குறைகிறது என்று பார்க்கிறார். வெப்பமும் எல்லைக்குள் நின்று, ஆயுளும் சொன்னபடி வந்தால், அந்த மின்னோட்டத்தை வரம்பாக அச்சிடலாம்.

ஆகவே அந்த எண்ணைத் தனியாகப் படிக்கக் கூடாது. பக்கத்தில் எழுதியிருக்கும் நிபந்தனையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 25ஆர் டேட்டாஷீட்டில் 20 ஆம்பியருக்குப் பக்கத்திலேயே, 25 டிகிரியில் 250 சுழற்சிக்குப் பின் கொள்ளளவு 60 சதவீதம் என்று போட்டிருக்கிறது. அதாவது எப்போதும் 20 ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருந்தால், 250 சுழற்சியில் ஐந்தில் மூன்று பங்கு செல்தான் மிஞ்சும் என்று தயாரிப்பாளரே சொல்லிவிடுகிறார். 'இதுவரை வசதியாகப் போகலாம்' என்ற பொருளில் இந்த எண்ணை எடுத்துக்கொள்வது தவறு. இன்னொரு உதாரணம் சோனியின் விடிசி6. அதற்கு 15 ஆம்பியர். 80 டிகிரியில் தானாக நிறுத்தும் ஏற்பாடு இருந்தால் 30 ஆம்பியர். கடைக்காரர் 30 ஆம்பியர் செல் என்று விற்கும்போது அந்த 80 டிகிரி நிபந்தனையைச் சொல்வதில்லை.

தொடர் வரம்பு வேறு, கண நேர வரம்பு வேறு என்பதும் இங்கே சேரும். மோட்டார் கிளம்பும் அரை நொடியில் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். அது நீடிக்காததால் செல் சூடாக நேரம் கிடைக்காது. புல் சுற்றிக்கொண்டு பிளேடு திணறும்போது அதே இழுப்பு பத்து நொடி நீடித்தால், அது கண நேரக் கணக்கில் வராது.

நம் ஊருக்கென்று ஒரு திருத்தமும் உண்டு. டேட்டாஷீட் 25 டிகிரியில் தொடங்குகிறது. பெரும்பாலான 18650 செல்களுக்கு டிஸ்சார்ஜின்போது மேல் எல்லை 60 டிகிரி சுற்றி இருக்கும். அதாவது சூடேற 35 டிகிரி இடம். மார்ச், ஏப்ரலில் நாகர்கோவிலில் நிழலிலேயே 33 டிகிரி என்றால் மிச்சம் 27. தகரக் கொட்டகையிலோ வெயிலில் நிறுத்திய வண்டியின் டிக்கியிலோ கிடந்த பேக் 45 டிகிரியில் வேலைக்கு வந்தால் மிச்சம் 15 மட்டுமே. செல் மாறவில்லை, அச்சிட்ட எண்ணும் மாறவில்லை. ஆனாலும் அந்த மின்னோட்டத்தை இப்போது இழுக்க முடியாது.

## ஒரு பேக்கைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பேக்கில் பத்து செல்கள். இரண்டிரண்டாகப் பக்க இணைப்பு, அப்படி ஐந்து ஜோடிகள் தொடர் இணைப்பு; 5எஸ் 2பி என்பார்கள். பெயரளவு வோல்டேஜ் 18. புல் வெட்டும்போது மோட்டார் சராசரியாக 350 வாட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 350-ஐ 18-ஆல் வகுத்தால் சுமார் 20 ஆம்பியர். ஜோடியில் உள்ள இரண்டு செல்களும் பகிர்ந்துகொண்டால் ஒரு செல்லுக்கு 10 ஆம்பியர்.

முதலில் உரிய செல். வரம்பு 20, நாம் இழுப்பது 10, பாதிதான். உள்மின்தடை 22 மில்லி ஓம் என்றால் வோல்டேஜ் இறக்கம் 0.22 வோல்ட், வெப்பம் 2.2 வாட். 45 கிராம் எடையுள்ள ஒரு செல்லை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 40 ஜூல் தேவை. ஆக, நிமிடத்துக்கு 3 டிகிரி சொச்சம் ஏறும். கொஞ்சம் வெப்பம் வெளியே போய்க்கொண்டே இருக்கும். கால் மணி நேரத்தில் பேக் காலியாகும்போது 25, 30 டிகிரி கூடியிருக்கும். நம் வெயிலில் இதுவே எல்லையை ஒட்டித்தான் நிற்கிறது; ஆனால் புல் வெட்டுகிறவர் இடையிடையே நிறுத்தி நிறுத்தித்தான் வெட்டுவார், அதனால் தாங்கிவிடும்.

இப்போது லேப்டாப் செல். புதியதாகவே எடுத்துக்கொள்வோம். வரம்பு 5.2, இழுப்பது 10. ஏறக்குறைய இரு மடங்கு. உள்மின்தடை 70 மில்லி ஓம் என்றால் வோல்டேஜ் இறக்கம் 0.7 வோல்ட். 3.7 வோல்ட்டில் இருக்கும் செல் வெளியே 3.0 வோல்ட் காட்டும். ஐந்து ஜோடிக்கும் சேர்த்து 15 வோல்ட். மோட்டாரின் எலக்ட்ரானிக் கட்டுப்பாடு வேகத்தைத் தக்கவைக்கப் பார்த்தால், அதே 350 வாட்டை 15 வோல்ட்டிலிருந்து எடுக்க 23 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மின்னோட்டம் கூடியதால் வோல்டேஜ் மேலும் இறங்கும், அதற்காக இன்னும் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். இந்தச் சுற்று ஒன்றையொன்று கீழே தள்ளிக்கொண்டே போகும்.

வெப்பத்தைப் பார்த்தால், 10 ஆம்பியருக்கே ஒரு செல்லுக்கு 7 வாட். நிமிடத்துக்குச் சுமார் 10 டிகிரி. 33 டிகிரியில் தொடங்கிய செல் இரண்டரை நிமிடத்தில் 60 டிகிரியைத் தொடும். தோட்டத்தில் இரண்டு மூன்று நிமிடத்தில் நிற்கிறது, சுடுகிறது என்று சொல்கிறார்களே, அது இதுதான். பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்த 100 மில்லி ஓம் செல் என்றால் இறக்கம் ஒரு முழு வோல்ட். முழு சார்ஜ் ஏற்றிய பேக்கே சிறிது நேரத்தில், கருவி தானாகத் துண்டித்துக்கொள்ளும் குறைந்த வோல்டேஜ் எல்லையில் மோதி நின்றுவிடும். ஐந்து நிமிடம் கழித்து அழுத்தினால் மறுபடி ஓடும். சுமை இல்லாதபோது வோல்டேஜ் மேலே வந்துவிடுவதால்தான் இப்படி. சார்ஜர் போட்டுப் பார்த்தால் பேக்கில் பாதிக்கு மேல் சார்ஜ் இன்னும் இருக்கும்.

தலை லைட்டில் இதே செல் எப்படி இருக்கும்? லைட் 1 ஆம்பியர் எடுப்பதாகக் கொண்டால் வோல்டேஜ் இறக்கம் 0.07 வோல்ட், வெப்பம் 0.07 வாட். கை வைத்தால் சூடே தெரியாது. இரண்டரை மணி நேரம் எரியும். பால் வெட்டுகிறவருக்கு இன்னும் நேரம் வேண்டுமென்றால் அவர் வாங்க வேண்டியது 3400, 3500 எம்.ஏ.எச். வகை, அவருக்கு 20 ஆம்பியர் செல்லால் ஒரு லாபமும் இல்லை.

## வரம்பை மீறினால் செல்லுக்குள் நடப்பது

பலரும் நினைப்பதுபோல் வரம்பைத் தாண்டிய நொடியில் செல் வெடித்துவிடாது. அப்படி நடக்காததே ஆபத்தாகவும் ஆகிவிடுகிறது. 'ஓடுகிறதே' என்று தொடர்ந்து ஓட்டுகிறோம். பாதிப்பு படிப்படியாக வரும்.

1. முதலில் வோல்டேஜ் விழும். கருவி பலம் குறையும், சீக்கிரம் நிற்கும். இந்தக் கட்டத்தில் நிறுத்திவிட்டால் செல்லுக்குப் பெரிய கேடு இல்லை. குறைந்த வோல்டேஜில் துண்டிக்கும் ஏற்பாடு ஒழுங்காக இருக்கும் கருவிகளில் பெரும்பாலான சம்பவங்கள் இதோடு முடிந்துவிடும்.

2. அடுத்தது வேகமான முதுமை. கிராஃபைட் துகள்களின் மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உண்டு. செல் முதன்முதலாக சார்ஜ் ஆகும்போது உருவாவது. சூட்டில் இந்தப் படலம் தடித்துக்கொண்டே போகும், அதற்கு லித்தியமும் எலக்ட்ரோலைட்டும் செலவாகும். கொள்ளளவு குறைகிறது, உள்மின்தடை கூடுகிறது. மின்தடை கூடிய செல் அடுத்த முறை அதே மின்னோட்டத்துக்கு இன்னும் அதிகமாகச் சூடாகும். நானூறு ஐந்நூறு சுழற்சி வர வேண்டிய செல் சில வாரங்களில் ஓய்ந்துபோவது இப்படித்தான். வெளியே எந்த அடையாளமும் தெரியாது.

3. மூன்றாவது, பலவீனமான செல் தனியாக மாட்டிக்கொள்வது. தொடர் இணைப்பில் எல்லா ஜோடிக்கும் ஒரே மின்னோட்டம். அதில் ஒரு ஜோடி மட்டும் சீக்கிரம் காலியானால், மற்ற நான்கும் சேர்ந்து அதன் வழியாகத் தொடர்ந்து மின்சாரத்தைத் தள்ளும். மொத்த வோல்டேஜை மட்டும் பார்க்கும் கருவிக்கு இது தெரியாது. அந்த ஜோடி பூஜ்யத்துக்கு இறங்கி, தலைகீழாகவும் ஆகலாம். அப்போது உள்ளே தாமிரத் தகடு கரையத் தொடங்கும். கரைந்த தாமிரம் பிறகு வேறு இடத்தில் படிந்து, செப்பரேட்டரைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே ஷார்ட் உண்டாக்கலாம். இதன் விளைவு அன்றைக்கு வராது. இன்னொரு நாள் சார்ஜ் போட்டிருக்கும்போது வரும். பேக் சும்மா சார்ஜில் இருந்தபோது புகைந்தது என்று சொல்லப்படும் சில சம்பவங்களுக்கு விதை முந்தைய நாட்களின் மிகைச் சுமையில் இருக்க இதுவே காரணம்.

4. கடைசிக் கட்டம் வெப்பம் கைமீறுவது. ஏறக்குறைய 80, 90 டிகிரியிலிருந்து அந்தக் காப்புப் படலம் சிதையத் தொடங்கும். அந்தச் சிதைவே வெப்பம் தரும். சுமார் 130 டிகிரியில் பாலிஎத்திலீன் செப்பரேட்டர் உருகும். நுண்துளைகள் அடைபட்டு மின்னோட்டம் நின்றுபோனால் நல்லது. செப்பரேட்டர் சுருங்கி இரண்டு பட்டைகளும் தொட்டுவிட்டால் உள் ஷார்ட். அதற்கும் மேலே போனால் ஆக்சைடு பூச்சு ஆக்சிஜனை வெளிவிடும். எலக்ட்ரோலைட் எளிதில் தீப்பிடிக்கும் திரவம். எரிபொருளும் ஆக்சிஜனும் ஒரே டப்பாவுக்குள் இருப்பதால்தான் இந்தத் தீயை மண் போட்டு மூடி அணைக்க முடியாது. நிறையத் தண்ணீர் ஊற்றிச் சூட்டைத் தணிப்பதே வழி.

மிகைச் சுமை மட்டுமே ஒரு நல்ல செல்லை நான்காவது கட்டத்துக்குக் கொண்டுபோவது அபூர்வம். அதற்கு முன்பே வோல்டேஜ் விழுந்துவிடும், அல்லது சார்ஜ் தீர்ந்துவிடும். துணைக்கு வேறு ஏதாவது வேண்டும்: பாதுகாப்புப் பலகை இல்லாத பேக், காற்றோட்டமில்லாத பெட்டி, வெயில், தரம் பார்க்காமல் கலந்துபோட்ட செல்கள். திரும்பக் கட்டிய பேக்கில் இவை நான்கும் ஒன்றாகச் சேர்வது அபூர்வமல்ல என்பதுதான் கவலை.

## செல்லுக்குள் இருக்கும் காப்பு போதாதா?

பல 18650 செல்களின் நேர்முனைத் தொப்பிக்கு அடியில், உள்ளே வாயு அழுத்தம் கூடினால் நிரந்தரமாகத் துண்டிக்கும் ஒரு தகடு உண்டு. லேப்டாப் வகைச் செல்களில் கூடவே ஒரு பி.டி.சி. வளையமும் இருக்கும், சூடானால் அதன் மின்தடை பல மடங்கு எகிறி மின்னோட்டத்தை நெரிக்கும். தனிச் செல்லுக்கு ஷார்ட் ஆனால் இவை காப்பாற்றும். பேக்கில் அப்படியே நம்ப முடியாது. பல செல் தொடர் இணைப்பில் ஒன்றின் பி.டி.சி. மட்டும் நெரித்தால், மொத்த பேக்கின் வோல்டேஜும் அந்த ஒரு வளையத்தின் மேல் விழும். அதைத் தாங்கும்படி அது செய்யப்பட்டதல்ல. இன்னொன்று, அதிக மின்னோட்டச் செல்களில் மின்தடையைக் குறைப்பதற்காக பி.டி.சி. பெரும்பாலும் வைப்பதே இல்லை.

அப்புறம், பேக்கின் வோல்டேஜையும் மின்னோட்டத்தையும் பார்த்துத் துண்டிக்கும் பாதுகாப்புப் பலகை. பி.எம்.எஸ். பலகை என்பார்கள். அதன் மேல் 30 ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, பேக் 30 ஆம்பியர் தாங்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பலகை 30 ஆம்பியர்வரை விடும் என்பதுதான் அதன் பொருள். செல்களால் இரண்டு பேருமாக 10.4 ஆம்பியர்தான் தர முடியும் என்றால், 10.4-க்கும் 30-க்கும் இடைப்பட்ட எந்த மின்னோட்டத்தையும் பலகை தடுக்காது. பாதுகாப்பு இருக்கிறது என்ற எண்ணம் இருக்கும், பாதுகாப்பு இருக்காது. சில பிராண்ட் கருவிகளில் மின்னோட்டக் கட்டுப்பாடு பேக்குக்குள் இல்லாமல் கருவிக்குள் இருக்கும். அந்தக் கட்டுப்பாடும் பழைய 20 ஆம்பியர் செல்களுக்காக வைத்த எல்லைதான். உள்ளே செல் மாறியது அதற்குத் தெரியாது.

## எப்படிக் கண்டுபிடிப்பது

திரும்பக் கட்டிய பேக்கைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி பழக்கம். செல்களை இணைக்கும் நிக்கல் பட்டை, வெல்டிங் புள்ளிகளுக்குப் பக்கத்தில் மட்டும் மஞ்சளும் நீலமுமாக நிறம் மாறியிருக்கும். அதற்கு அடியில் செல்லின் உறை சுருங்கி, விளிம்பில் மடங்கியிருக்கும். நேர்முனையைச் சுற்றியுள்ள வெள்ளைக் காகித வளையம் பழுப்பேறியிருக்கும். சூடு எங்கே குவிந்தது என்பதை இந்த மூன்றும் காட்டிக்கொடுத்துவிடும். நிக்கல் பட்டை என்று சொல்லி நிக்கல் முலாம் பூசிய இரும்புப் பட்டையைப் போட்டிருந்தால் இது இன்னும் சீக்கிரம் வரும். இரும்பின் மின்தடை அதிகம். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் அந்த இரும்பு துருவும் பிடிக்கும்.

திறக்காமலே பார்க்க வேண்டுமென்றால் கடையில் செல் மாற்றும் முன் மூன்று விஷயம் கேட்கலாம்.

1. செல்லின் மாடல் எண் என்ன? உறையில் மாடல் எண்ணே இல்லாமல் எம்.ஏ.எச். மட்டும் பெரிதாக இருந்தால் அதை எடுக்க வேண்டாம். 18650 அளவில் பெயர்பெற்ற நிறுவனங்களின் செல்கள் 3500 எம்.ஏ.எச். சுற்றியே நிற்கின்றன. 6000, 9900 என்று போட்டிருந்தால் அது பொய். அந்தப் பொய்யோடு வரும் ஆம்பியர் எண்ணையும் நம்ப முடியாது. எடையும் சொல்லிவிடும்: நல்ல செல் 45 கிராம் சுற்றி இருக்கும், 30 கிராம்தான் என்றால் உள்ளே சரக்கு இல்லை.

2. அந்த மாடலின் தொடர் வரம்பு எத்தனை ஆம்பியர்? அதைப் பக்க இணைப்பில் உள்ள செல் எண்ணிக்கையால் பெருக்குங்கள். கருவி இழுப்பதைவிட அது குறைந்தது ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். நம் வெயிலுக்கு இரு மடங்கு நல்லது. 5.2 ஆம்பியர் செல்லை வைத்து 20 ஆம்பியர் எடுக்க வேண்டுமென்றால் வரம்பின் விளிம்பில் நிற்பதற்கே நான்கு செல் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். ஐந்து ஜோடிக்கு மொத்தம் இருபது. பத்து செல் பெட்டிக்குள் அது அடங்காது. ஆகவே இங்கே செல் வகையை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

3. பத்து செல்லும் ஒரே மாடல், ஒரே சமயத்தில் வாங்கியவையா, ஒவ்வொன்றின் உள்மின்தடையையும் அளந்தீர்களா? நான்கு முனை கொண்ட உள்மின்தடை மீட்டர் இப்போது பேக் கட்டும் கடைகளில் இருக்கிறது. 25ஆர் வகைப் புதிய செல்லில் அது 20 மில்லி ஓமுக்குக் கீழே காட்டும். இந்த மீட்டர்கள் மாறுதிசை மின்சாரத்தில் அளப்பதால், சுமை கொடுத்து அளப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகவே காட்டும். ஜோடியில் ஒன்று 18, மற்றது 40 என்றிருந்தால் குறைந்த மின்தடைச் செல்தான் பெரும்பங்கு மின்னோட்டத்தைச் சுமக்கும். ஒரு செல்லுக்கு 10 ஆம்பியர் என்று நாம் போட்ட கணக்கு அங்கே செல்லாது. ஒன்று 14 வரை எடுக்கும், மற்றது 6.

ஏற்கெனவே கட்டிய பேக் கையில் இருந்தால், முழு சார்ஜில் ஐந்து நிமிடம் வழக்கமான வேலை செய்துவிட்டு உடனே கழற்றி, பேக்கின் எல்லாப் பக்கத்தையும் தொட்டுப் பாருங்கள். கையை எடுக்காமல் நாலைந்து நொடி வைத்திருக்க முடியவில்லை என்றால் வெளித்தோலே 55, 60 டிகிரிக்கு வந்துவிட்டது. பிளாஸ்டிக்குக்கு உள்ளே நடுவில் இருக்கும் செல் அதைவிடச் சூடு. ஒரு மூலை மட்டும் சுட்டால் அந்த ஜோடிக்குப் பிரச்சினை. அந்தச் சூட்டோடு பேக்கைச் சார்ஜரில் மாட்ட வேண்டாம். டிஸ்சார்ஜுக்கு 60 டிகிரி என்று அனுமதிக்கும் டேட்டாஷீட்டே சார்ஜுக்கு 45 டிகிரிதான் என்று போட்டிருக்கும். நிழலில் அரை மணி நேரம் ஆறப் போட்டு, கை வைத்தால் சூடு தெரியாத நிலைக்கு வந்த பிறகு மாட்டுங்கள். படுக்கும் அறையில் வேண்டாம்; சிமெண்டுத் தரையில், பக்கத்தில் ஒட்டுப்பாலோ ரப்பர் ஷீட்டோ அடுக்கி வைக்காத இடத்தில்.